சமைக்கத் தெரியாத ஒருவர் சமைத்துப் பார்த்தது

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதரை ஊரே கத்துக்குட்டி என்று கூப்பிட்டால் யாருக்கும் ரோஷம் வரும். இவருக்கு வரவில்லை. வரவும் கூடாது, ஏனென்றால் அதுதான் அவருடைய உத்தியோகம். சமைக்கத் தெரியாதவராக இருப்பதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கிய மனிதர் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. கத்துக்குட்டி வாங்கினார்.

அவர் வேலை பார்த்த கம்பெனி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தேவையான சாமான்களை அளந்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. பெட்டிக்குள் கெட்டியான ஒரு அட்டை இருக்கும். அடுப்பையே பார்க்காதவர்கூட அந்த அட்டையைப் பார்த்துச் சமைத்துவிடலாம் என்பது முதலாளியின் வாக்குறுதி. கத்துக்குட்டி முதலில் அங்கே பெட்டி கட்டுகிற பிரிவில்தான் இருந்தார். ஒரு நாள் மத்தியானம் மீந்துபோன பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, சோதனைச் சமையலறையில் தானே சமைத்துக்கொள்ளப் போனார். அட்டையில் 'எண்ணெயில் வெங்காயத்தை வதக்கவும்' என்று இருந்தது. மனிதர் வெங்காயத்தை முழுசாக, தோலோடு எண்ணெயில் போட்டு, கரண்டியால் உருட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது உள்ளே வந்தவர் அட்டைகளைத் திருத்தும் அம்மாள். ஆபீசில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். சமையல்காரர்கள் எழுதிக் கொடுப்பதை வெட்டி, ஒட்டி, வரிசை மாற்றி அட்டையாக்குவது அவர் வேலை. உருளும் வெங்காயத்தைப் பார்த்து முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"தோல உரிக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"அதுல போடலையே மேடம்."

"நறுக்கணும்னு?"

"அதுவும் போடல."

கத்தரிக்கோல் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரே திருத்திய அட்டை. அடுத்த வாரமே பெட்டி கட்டும் பிரிவிலிருந்து கத்துக்குட்டியைப் பிடுங்கி வந்து, சோதனைச் சமையலறையில் நட்டுவிட்டார்.

வேலை இதுதான். கத்தரிக்கோல் ஒரு அட்டையைத் திருத்தி முடித்ததும் கத்துக்குட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு சமைப்பார். எழுதியிருப்பதைத்தான் செய்யவேண்டும், எழுதாததைச் செய்யக்கூடாது. எதிரே கத்தரிக்கோல் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்கமாட்டார். இவர் கை எங்கே தயங்குகிறது, கண் எங்கே திரும்பவும் மேலே ஓடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தயங்கிய இடமெல்லாம் அட்டையின் குற்றம். கடைசியில் சமைத்ததைக் கத்துக்குட்டி தட்டு நிறையச் சாப்பிடவேண்டும்.

இந்த உத்தியோகத்தில் அவருக்கு இணை கிடையாது. சாமான் பட்டியலில் 'பொடியாக நறுக்கிய வெங்காயம்' என்று இருக்கும். அவர் எண்ணெயைக் காயவைத்துவிட்டு அப்புறம்தான் கத்தியைத் தேடுவார். எண்ணெய் புகைந்து, சமையலறையே இருண்டுபோகும். அதற்குப் பிறகு எல்லா அட்டையிலும் நறுக்கும் வேலை முழுவதும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. 'தண்ணீர் மூன்று கப்' என்று இருந்தால் மூன்றையும் ஒரே மூச்சில் ஊற்றிவிடுவார். கடைசியில் மாவு கரைக்கத் தண்ணீர் இருக்காது. அதனால் கத்தரிக்கோல் 'இப்போது இரண்டு கப் மட்டும் ஊற்றவும், மீதி ஒரு கப் ஆறாம் படிக்கு' என்று எழுத ஆரம்பித்தார். 'பத்து நிமிடம் வேகவிடவும்' என்றால் அடுப்பை மூட்டிய கணத்திலிருந்து கணக்கு வைப்பார். அது 'குமிழி விட்டுக் கொதிக்கத் தொடங்கியதும் பத்து நிமிடம்' என்று மாறியது. 'பொன்னிறம்' என்ற வார்த்தை கண்ட இடத்தில் வெட்டுப்பட்டது; 'தேவையான அளவு உப்பு' என்று எழுதிய சமையல்காரர்களுக்கெல்லாம் கத்தரிக்கோலிடம் செமத்தியாக விழுந்தது. ஒரு தடவை சாப்பாடெல்லாம் முடிந்து கை கழுவி வந்த பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் அணைக்கல?"

"அணைக்கச் சொல்லலையே மேடம்."

"நீங்க மனுசனே இல்ல. பொக்கிஷம்," என்றார் கத்தரிக்கோல்.

வாழ்க்கையில் யாரும் அவரைப் பொக்கிஷம் என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மண்டு என்றார்கள், மாமனார் வீட்டில் வாயில்லாப்பூச்சி என்றார்கள். இங்கேதான் அவருடைய மண்டுத்தனத்துக்கு மரியாதை கிடைத்தது. அட்டையின் மூலையில் ஒரு முத்திரைகூட அடித்தார்கள்: 'சமைக்கத் தெரியாத ஒருவர் சமைத்துப் பார்த்தது.' முதல் அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார்.

"இது நான்தான்," என்றார்.

"இதப் போயி பெருமையா சொல்லிட்டு வர்றீங்களே," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாலும், அட்டையைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தது அவர்தான்.

கத்தரிக்கோல் அடிக்கடி ஒன்று சொல்வார். "புதுசா சமைக்கிறவங்க நம்மளத் திட்டமாட்டாங்க. சாப்பாடு கெட்டுப்போனா, எனக்குச் சமையல் வரலைன்னுதான் நினைச்சுக்குவாங்க. அதனாலதான் நாம தப்பு பண்ணக்கூடாது." கத்துக்குட்டிக்கு அது பாதி புரியும், பாதி புரியாது. தலையை மட்டும் ஆட்டிவைப்பார்.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். மனைவி படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, பிடிமானம் கூடவில்லை. கரண்டி கையில் நிற்காது, கத்தி நிற்கவே நிற்காது. சமையல் கத்துக்குட்டியின் தலையில் விழுந்தது.

மனைவி அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வார். "தீயக் குறைங்க. ஐயோ, கிண்டாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்தப் பயறு ஊறின தண்ணியக் கொட்டுங்க, அத எவன் குடிப்பான்? நல்ல தண்ணி ஊத்தி, தளதளன்னு கொதிக்க விடுங்க. அரைகுறையா வெந்தா குடலப் பிடுங்கிடும்." ஏன், எதற்கு என்று அவர் கேட்டதில்லை. சொன்னதைச் செய்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. செய்து செய்து ஒரு நாள் சொல்லாமலேயே செய்ய ஆரம்பித்தார். மூக்கு உப்பைக் கண்டுபிடித்தது. காது எண்ணெயின் சத்தத்தைக் கண்டுபிடித்தது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னையே தோற்கடிச்சிட்டீங்க," என்றபோது மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த நிமிடமே கரண்டியைக் கீழே வைத்தார். சமைக்கத் தெரிந்துவிட்டதென்றால் ஆபீசில் அவர் யார்? பெட்டி கட்டும் பிரிவில் இப்போது மிஷின் நிற்கிறது. வேறு வேலை தெரியாது. இந்த வயசில் யார் கொடுப்பார்கள்? வீட்டுக்கு அவர் ஒருவர் சம்பளம்.

"யாருகிட்டயும் சொல்லிடாத," என்றார் மனைவியிடம்.

"என்னன்னு? என் புருசன் நல்லா சமைக்கிறாருன்னா?"

"ஆமா. அதத்தான்."

அதற்குப் பிறகு அவர் ஆபீசில் நடிக்கவேண்டி வந்தது. தயங்கவேண்டிய இடத்தை நினைவு வைத்துத் தயங்கினார். கத்தியைத் தப்பாகப் பிடித்தார். பூண்டை எப்படி உரிப்பது என்று தெரியாத மாதிரி முழித்தார். இது வெறும் ஏமாற்று வேலை என்று சட்டென்று சொல்லிவிடலாம், ஆனால் நான் சொல்லமாட்டேன். தெரிந்ததை மறைக்க அந்த மனிதர் பட்ட பாடு, தெரியாததைக் கற்றுக்கொள்ள மற்றவர்கள் படும் பாட்டைவிடப் பெரிசு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சண்டை போட்டுவிட்டு வந்தவர் மாதிரி தோள்பட்டை வலிக்கும்.

தெரிந்தே செய்கிற நடிப்பை அவர் சமாளித்தார். தெரியாமல் செய்ததுதான் ஆளைக் கவிழ்த்தது.

ராஜ்மா என்கிற பெரிய சிவப்புப் பயறில் ஒரு சூப்பு அட்டை வந்தது. பயறை முந்தின நாளே ஊறப்போட்டு, மறுநாள் ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரப் பானையில் காய்களோடு போட்டு, சின்னச் சூட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைக்கிற சமையல். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. சமையல்காரர் அதை ஒரே பத்தியாக எழுதிக் கொடுத்திருந்தார். கத்தரிக்கோல் அதை 'முந்தின நாள்', 'சமைக்கிற நாள்' என்று இரண்டாகப் பிரித்தார். அந்தச் சமயம் பார்த்து முதலாளி, இனிமேல் அட்டை ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும், அச்சுச் செலவு கையைக் கடிக்கிறது என்று உத்தரவு போட்டார். கத்தரிக்கோல் திரும்பவும் வெட்டினார். முதல் பகுதியின் கடைசியில் இருந்த ஒரு வரியை எடுத்து இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வைக்க நினைத்தார். எடுத்தார். வைப்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

கத்துக்குட்டி அந்த அட்டையைச் சமைத்த அன்று எதிர் நாற்காலி காலி. அட்டையைச் சுருக்குவது பற்றி மாடியில் கூட்டம். இவ்வளவு வருஷம் பழகிய ஆள் தனியாகவே பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பெரிய நிம்மதி. நடிக்க வேண்டாம். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தார், சாயங்காலம் தட்டு நிறையச் சாப்பிட்டார், அருமையாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் சரி என்று போட்டுக் கையெழுத்து வைத்தார்.

பெட்டிகள் போன வாரத்திலேயே புகார் வர ஆரம்பித்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி, பேதி. ஒன்றிரண்டு என்றால் வேறு எதையாவது தின்றிருப்பார்கள் எனலாம். டெலிபோன் ஓயவில்லை. பயறு கெட்டது என்று நினைத்துச் சோதிக்கக் கொடுத்தார்கள். பயறு நல்ல பயறு. கத்தரிக்கோல் அட்டையை எடுத்து வரி வரியாகப் படித்தார். அவர் கண்ணுக்கும் குறை தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கு இல்லாத வரியும் இருக்கிற மாதிரியே தெரியும். அதற்காகத்தானே ஒரு தெரியாதவரை வைத்திருந்தது.

"வாங்க, திரும்பச் சமைப்போம்," என்றார்.

முதலாளி சுவர் ஓரம் நின்றார். கத்தரிக்கோல் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஊறவைத்த பயறு தயாராக இருந்தது. கத்துக்குட்டி அட்டையை எடுத்து, நிதானமாகப் படித்து, பாத்திரத்தைத் தூக்கி, ஊறிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். பயறை அலசினார். புதுத் தண்ணீர் ஊற்றி, பெரிய அடுப்பில் ஏற்றி, தீயை முழுசாகத் திருப்பினார்.

"நிறுத்துங்க," என்றார் கத்தரிக்கோல். அட்டை சமைக்கும்போது அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "இது எந்தப் படியில இருக்கு?"

கத்துக்குட்டி அட்டையைப் பார்த்தார். 'சமைக்கிற நாள். படி ஒன்று: ஊறிய பயறை ஸ்லோ குக்கரில் போடவும்.' மேலே தேடினார், கீழே தேடினார், பின்பக்கம் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் பண்ணீங்களா?"

"தெரியல மேடம். கை பண்ணியிருக்கும்."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. கத்தரிக்கோல் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பயறைப் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடாமல் சின்னச் சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும், மெத்தென்று வெந்த மாதிரி இருக்கும், அதிலுள்ள நஞ்சு மட்டும் போகாது. அப்படிக் கொதிக்கவிடச் சொல்லும் வரிதான் வெட்டுப்பட்டு எங்கேயோ விழுந்த வரி. ருசியில் வித்தியாசம் தெரியாது. வயிறுதான் சொல்லும்.

"உங்களுக்கு எப்பலேருந்து சமைக்கத் தெரியும்?"

அவர் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"அன்னிக்கு நீங்க வாந்தி எடுத்திருக்கணும்," என்றார் கத்தரிக்கோல். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். "நீங்க ஒருத்தர் எடுத்திருந்தா போதும். வேற யாரும் எடுத்திருக்கமாட்டாங்க."

முதலாளி அதிகம் பேசவில்லை. சமைக்கத் தெரிந்தவர்கள் கம்பெனியில் வேண்டிய அளவுக்கு இருக்கிறார்கள், நாளைக்கு வரவேண்டாம் என்றார். அட்டையைத் திரும்ப வாங்குகிறோம், காரணத்தை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்றும் சொன்னார். கத்தரிக்கோலுக்கு வேலை போகவில்லை. வரியைத் திரும்ப ஒட்டுவதற்கு ஆள் வேண்டுமே. கத்துக்குட்டி கிளம்பும்போது அந்த அம்மாள் தலையைத் தூக்கவில்லை. 'ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடவும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.

வாந்தி எடுத்தவர்களில் எல்லோரும் ஒரு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. தனியாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். வாந்தியில் நீரெல்லாம் போய், குளியலறையில் தலை சுற்றி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபீசில் காதில் விழுந்த ஆஸ்பத்திரிப் பெயரை வைத்துக்கொண்டு கத்துக்குட்டி போனார். மனைவி வேண்டாம் என்றார். "போயி என்ன பண்ணப்போறீங்க? ஒட்டவைக்கப் போறீங்களா?" என்றார். அவர் செருப்பை மாட்டினார்.

பெரியவர் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், மரியாதையாக எழப் பார்த்து, வலியில் முகம் சுளித்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? தப்பு என்னோடது."

"இல்லீங்கய்யா…"

"கேளுங்க. வாழ்க்கையில அடுப்படிப் பக்கமே போனதில்ல. என் மக வெளியூர்ல இருக்கா. தனியா இருந்துக்குவேன்னு அவகிட்ட அடம் பிடிச்சு, இந்தப் பெட்டிய வரவழைச்சேன். சூப்பு என்னமா வந்துச்சு தெரியுமா! போன் போட்டு, பாத்தியா உங்கப்பனன்னு சொன்னேன். சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகல." சிரிக்க முயன்றார். "இப்ப மக வந்துட்டா. வீட்டக் காலி பண்ணிட்டா. முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சாச்சு. அவ சொல்றதும் சரிதான். ஒரு அட்டையப் பாத்துச் சமைக்கத் துப்பில்ல, தனியா இருந்து என்ன கிழிக்கப்போறேன்?"

கத்தரிக்கோல் அடிக்கடி சொன்னதில் கத்துக்குட்டிக்குப் பாதி புரியாமல் இருந்ததே, அந்தப் பாதி இப்போது கட்டிலில் படுத்திருந்தது.

"ஐயா, நீங்க தப்பு பண்ணல. அட்டையிலதான் ஒரு வரி விட்டுப்போச்சு. பயறக் கொதிக்க வைக்கணும்னு போட்டிருக்கணும். போடல. சத்தியமா உங்க தப்பு இல்ல."

பெரியவர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல மனுசன் சார் நீங்க. கிழவன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்லய்யா, நிசமாத்தான்…"

"அட விடுங்க." தலையணைக்குக் கீழே கையை விட்டு அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் கசங்கியிருந்தது, எத்தனை தடவை படித்தாரோ. மூலையில் இருந்த முத்திரையின்மேல் விரலை வைத்தார். "இதப் பாருங்க. சமைக்கத் தெரியாத ஒருவர் சமைத்துப் பார்த்ததுன்னு போட்டிருக்கு. யாரோ ஒண்ணுமே தெரியாத ஆளு. அவரு இதே அட்டைய வெச்சு ஒழுங்கா சமைச்சு, சாப்பிட்டு, நல்லாத்தானே இருந்திருக்காரு? அவருக்கு வந்தது எனக்கு வரலையே சார்."

கத்துக்குட்டி வாயைத் திறந்தார். அந்த ஆள் நான்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் அதையும் ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வார் இந்தப் பெரியவர். அந்த முத்திரை சொல்கிறபடி ஒன்றுமே தெரியாமல்தான் சமைத்தேன் என்று பொய் சொல்லவும் முடியாது.

நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். பெரியவர் அட்டையைப் பத்திரமாகத் தலையணைக்குக் கீழே திரும்ப வைத்துவிட்டு, பேச்சுக்காகக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"உங்களுக்குச் சமைக்க வருமா சார்?"

வீட்டுக்கு வெளியே, வேறொரு மனிதரிடம் அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"வரும்யா," என்றார். "நல்லா வரும்."

"குடுத்து வெச்சவர்," என்று சொல்லிப் பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.